மணப்பெண் மைக் பிடித்தால்...

போன மாதம் ஒரு ரிசப்ஷன். மெல்லிசைக் குழு மூச்சு வாங்கிய இடைவெளியில் மணப்பெண் மைக்கை வாங்கினாள். மேடையில் பரிசுக் கவரும் போட்டோவுமாய் நிற்பதுதானே நம்மூர் வழக்கம்? எல்லோரும் நிமிர்ந்தோம்.

மொத்தம் நாலு நிமிடம். பி.காம். புத்தி, கணக்குப் போட்டேன். பிறந்த வீட்டுக்கு மூணு நிமிஷம், புகுந்த வீட்டுக்கு ஒண்ணு. டாலி ஆகவில்லை. ஆகவும் வேண்டாம். இருபத்தைந்து வருஷக் கணக்கையும் ஆறு மாசக் கணக்கையும் சரிசமமாக்கினால் ஒன்றில் பொய் எழுத வேண்டியிருக்கும்.

அந்தப் பொய் எது தெரியுமா? 'எனக்கு இன்னொரு அம்மா கிடைச்சிருக்காங்க!' இவள் அதைச் சொல்லவில்லை. "அத்தை, பொண்ணு பார்க்க வந்தப்ப வேலையை விடுவியான்னு நீங்க கேக்கலை. ராத்திரி ஷிப்டுன்னா சாப்பாட்டுக்கு என்னம்மா பண்ணுவேன்னு கேட்டீங்க. தேங்க்ஸ்" என்றாள். நடந்த ஒரு விஷயம், அதற்கு ஒரு நன்றி. மாமியார் முகத்தில் வெட்கம் கலந்த சிரிப்பு.

'வரதட்சணை வாங்காத என் மாமனாருக்கு' என்றும் ஆரம்பிக்கவில்லை. பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தாச்சு. திருடாததற்கு யாராவது நன்றி சொல்வார்களா, சார்?

அப்பாவுக்குச் சொன்னதும் அப்படித்தான். 'உலகத்திலேயே சிறந்த அப்பா' கிடையாது. கடைசி பஸ்ஸில் வரும் மகளுக்காக டார்ச் லைட்டோடு நாலு வருஷம் ஸ்டாப்பில் நின்றவர் என்றாள். அந்த டார்ச்சை நானும் பார்த்தேன்.

சறுக்கியது அடுத்ததில். "என் காலேஜ் பீஸுக்காக அம்மாவோட வளையல் ரெண்டு வருஷம் அடகுக் கடையில இருந்துச்சு." கைதட்டல் பறந்தது. அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தி வீட்டார் நூறு பேர் உட்கார்ந்திருக்கிற சபை அது. பஸ் ஸ்டாப் ஊருக்கே தெரிந்தது. அடகுச் சீட்டு அந்த அம்மாவின் பீரோவுக்குள் இருந்தது. அதைத் திறக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நன்றி சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கக் கூட்டத்தைப் பார்க்காதீர்கள். நன்றி வாங்குகிறவர் முகத்தைப் பாருங்கள்.

ஜப்பானில் விருந்து முடியும் தறுவாயில் மணப்பெண் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தை வாசிப்பது வழக்கம். 'பிரிவு', 'முடிவு' என்று பொருள்படும் சொற்களை அதில் தவிர்ப்பார்கள். நம்மாளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் 'உங்களை விட்டுப் போறேன்' என்று அவள் அழவில்லை. "அப்பா, டார்ச்சுக்கு பேட்டரி மாத்தி வைங்க. ஞாயித்துக்கிழமை வருவேன்" என்று முடித்தாள். அப்பா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பந்தியில் அம்மாவைப் பார்த்தேன். 'இன்னும் கொஞ்சம் பாயசம்' என்று உபசரித்துக்கொண்டிருந்தார். வளையல் போட்ட கை, முந்தானைக்குள் இருந்தது.