எந்த நாளிலிருந்து ஏழு நாள்?

"உங்கள் பணம் 5 முதல் 7 வேலை நாட்களுக்குள் கணக்கில் வரவு வைக்கப்படும். பொறுமைக்கு நன்றி." இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டு, ரீஃபண்ட் எங்கே என்று கேட்ட பெரும்பாலோருக்கு இந்தப் பதில் வந்திருக்கும். பெரிய நிறுவனங்களும் இதைத்தான் எழுதுகின்றன. வீட்டிலிருந்தபடி புடவை விற்பவரும் இதையே நகலெடுத்து அனுப்புகிறார். இதைச் சாக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிலுள்ள எண் பெரும்பாலும் சரியானதுதான். அந்த ஏழு நாள் எந்த நாளில் தொடங்குகிறது என்பதைச் சொல்லாமல் விடுவதில்தான் குறை இருக்கிறது.

டெபிட் கார்டிலோ கிரெடிட் கார்டிலோ கட்டிய பணம் திரும்பி வரும் வழி நீளமானது. கடைக்காரர் ரீஃபண்ட் கொடுக்கச் சொல்லிப் பணப் பரிமாற்ற நிறுவனத்துக்கு, அதாவது பேமென்ட் கேட்வேக்கு, உத்தரவு கொடுக்கிறார். கேட்வே அதைக் கடையின் சார்பில் பணம் வசூலிக்கும் வங்கிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு வலையமைப்பு வழியாக, வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி வந்த தொகையைப் பழைய பரிவர்த்தனையோடு பொருத்திப் பார்த்து வரவு வைக்கிறது. பணம் கட்டியபோது வங்கியின் அனுமதி நொடியில் கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது பல வங்கிகள் நாளுக்கு ஒருமுறையோ சில முறையோ மொத்தமாகவே கணக்குத் தீர்க்கின்றன. இடையில் ஞாயிறு, இரண்டாவது சனி, நான்காவது சனி, பண்டிகை விடுமுறைகள் வந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

ஆகவே 5 முதல் 7 வேலை நாள் என்று எழுதுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாடிக்கையாளரின் வங்கிக்குள் நடப்பது கடைக்காரர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஒற்றைத் தேதி சொல்லி ஏமாற்றுவதைவிட ஓர் எல்லையைச் சொல்வது நல்லது. பல வங்கிகள் மூன்று நாளிலேயே வரவு வைத்துவிடுகின்றன. அப்போது சொன்னதைவிட முன்னதாகப் பணம் வந்ததென்று வாடிக்கையாளருக்கு நிம்மதிதான். கஸ்டமர் கேரில் ஒரே நாளில் ஏராளமானோருக்குப் பதில் எழுதும் ஊழியருக்கும் எல்லோரிடமும் ஒரே கணக்கைச் சொல்ல ஒரு பிடிமானம் கிடைக்கிறது.

இதே பதில் எங்கே சறுக்குகிறது என்று பார்க்க, கற்பனையாக ஒரு புடவையை எடுத்துக்கொள்வோம். விலை 3,450 ரூபாய். டெபிட் கார்டில் பணம் கட்டியவர் நிறம் பிடிக்காமல் திருப்பி அனுப்புகிறார். 6ஆம் தேதி திங்கட்கிழமை கூரியர்காரர் வீட்டுக்கு வந்து பார்சலை எடுத்துப்போகிறார். 10ஆம் தேதி அது கிடங்குக்குப் போய்ச் சேர்கிறது. பிரித்துப் பார்த்து, கறையோ கிழிசலோ இல்லை என்று 14ஆம் தேதி குறிக்கிறார்கள். 15ஆம் தேதி கணக்குப் பிரிவு ஒப்புதல் தருகிறது. 16ஆம் தேதி வியாழக்கிழமை ரீஃபண்ட் உத்தரவு கேட்வேக்குப் போகிறது.

வாடிக்கையாளர் பார்சலைக் கொடுத்த நாளிலிருந்து எண்ணுவார். அவர் கையைவிட்டுப் பொருள் போன நாள் அதுதானே. 11ஆம் தேதி இரண்டாவது சனி, 12 ஞாயிறு. இரண்டையும் கழித்தால் ஏழாவது வேலை நாள் 15ஆம் தேதியோடு முடிகிறது. கடையின் கணக்கோ 16ஆம் தேதி உத்தரவு போனபிறகுதான் தொடங்குகிறது. அடுத்த சனி வங்கி வேலை செய்யும் மூன்றாவது சனி. ஞாயிறை மட்டும் கழித்து எண்ணினால் ஏழாவது வேலை நாள் 24ஆம் தேதி. இருவரும் சொல்வது ஒரே ஏழு நாள்தான். ஆனால் நடுவே ஒன்பது நாள் இடைவெளி. 17ஆம் தேதி அவர் "ஏழு நாள் முடிந்துவிட்டதே" என்று எழுதும்போது மறுபடியும் "5 முதல் 7 வேலை நாட்கள்" என்று பதில் போனால், கெடுவைப் புதுப்பித்துவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவருடைய பதில் ஏமாற்றுகிறது.

இதைவிட மோசமான வழக்கம் ஒன்று உண்டு. 10ஆம் தேதியே "ரீஃபண்ட் இனிஷியேட் ஆகிவிட்டது, இனி வங்கிதான் தரவேண்டும்" என்று எழுதிவிடுவார்கள். அன்றைக்குப் பொருளையே யாரும் பிரித்திருக்கமாட்டார்கள். சில கடைகளில் இன்னொன்றும் நடக்கிறது. கேட்வேயில் ரீஃபண்ட் தொகை பெரும்பாலும் கடையின் அன்றைய வசூலிலிருந்தோ, அங்கே வைத்திருக்கும் இருப்பிலிருந்தோ கழிக்கப்படும். இருப்பு போதவில்லை என்றால் உத்தரவு கொடுத்தும் அது நகராமல் கிடக்கும். விற்பனை மந்தமான வாரத்தில் திருப்பி வரும் பொருள் மிகுந்தால் இது நேரும். அந்த நேரத்தில் "வங்கியில் தாமதம்" என்று எழுதுவதை மன்னிக்க முடியாது. வாடிக்கையாளர் தன் வங்கிக் கிளைக்குப் போய் வரிசையில் நின்று, அப்படியொரு தொகை வரவே இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்புவார். கடைக்காரர் ஒரு கஷ்டமான வாக்கியத்தைத் தவிர்த்ததற்காக அவருக்கு அரை நாள் வேலை கெடுகிறது.

பணம் உண்மையிலேயே கிளம்பிவிட்டதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு ரீஃபண்டுக்கு ஏ.ஆர்.என். என்ற 23 இலக்க எண் உருவாகும். கடையின் வங்கி ரீஃபண்டைக் கார்டு வலையமைப்புக்கு அனுப்பும்போதுதான் அது பிறக்கிறது. யுபிஐ ரீஃபண்டுக்கு 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு. எண் இருந்தால் பணம் கடையின் பக்கத்தைக் கடந்துவிட்டது. உத்தரவு கொடுத்து நான்கைந்து வேலை நாள் கழிந்தும் எண் கிடைக்கவில்லை என்றால் சிக்கல் அநேகமாகக் கடையின் பக்கமோ கேட்வேயிலோ இருக்கிறது. கடைக்காரர் கேட்வேயின் திரையில் இதைப் பார்த்துக்கொள்ளலாம், பலர் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் கொட்டிவிடுவதும் தவறுதான். கேட்வே, வலையமைப்பு, கணக்குத் தீர்ப்பு என்று மேலே நான் விவரித்ததை அப்படியே பதிலில் எழுதினால், கேட்டவருக்கு அது தட்டிக்கழிக்கும் பேச்சாகவே படும். அவருக்குத் தெரியவேண்டியவை சில மட்டுமே. பணம் கடையின் கையில் இருக்கிறதா, போய்விட்டதா? என்றைக்குப் போனது? கடைசியாக எந்தத் தேதிவரை பார்க்கலாம்? அன்றும் வராவிட்டால் யார் என்ன செய்வார்கள்? 17ஆம் தேதி கேட்டவருக்கு நான் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் மேடம். உங்கள் புடவை 10ஆம் தேதி எங்களிடம் வந்து சேர்ந்தது. அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர எங்களுக்கு 15ஆம் தேதி ஆகிவிட்டது. இந்தத் தாமதம் எங்களுடையது, மன்னிக்கவும். 3,450 ரூபாயை நேற்று, 16ஆம் தேதி, நீங்கள் பணம் கட்டிய அதே டெபிட் கார்டுக்கு அனுப்பிவிட்டோம். 24ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கில் வரவேண்டும். வங்கி எந்த நாளில் வரவு வைக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. 21ஆம் தேதி உங்களுக்கு ஏ.ஆர்.என். எண்ணை அனுப்புகிறோம். 24ஆம் தேதிக்குள் வராவிட்டால் அந்த எண்ணை உங்கள் வங்கியின் கார்டு பிரிவில் சொன்னால் தேடிப் பார்ப்பார்கள். நாங்களும் 25ஆம் தேதி கேட்வேயில் புகார் பதிவுசெய்து உங்களுக்குத் தெரிவிப்போம்."

இதிலும் ஆபத்து உண்டு. தேதி எழுதினால் தேதி தப்பும். 21ஆம் தேதி எண்ணை அனுப்ப மறந்தால், பழைய மழுப்பலைவிட இது பெரிய துரோகமாகத் தெரியும். ஆகவே அந்தத் தேதியில் வேலையை நினைவூட்ட ஒரு பதிவேடாவது வைத்திருக்கும் கடைக்குத்தான் இந்தப் பதில் பொருந்தும். "தாமதம் எங்களுடையது" என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப் பல மேலாளர்கள் தயங்குகிறார்கள். புகாராகப் போனால் ஆதாரமாகிவிடுமே என்ற பயம். ஆனால் கூரியர் ரசீதில் பார்சல் வந்துசேர்ந்த தேதி இருக்கிறது, கேட்வேயில் உத்தரவின் தேதி இருக்கிறது. மறைத்தாலும் அந்த ஆதாரம் அழியப்போவதில்லை.

வாடிக்கையாளர் பக்கத்திலும் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்டு எழுதுவார்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் அந்த இழப்பீடு இருப்பது உண்மை. ஆனால் அது தோல்வியுற்ற பரிவர்த்தனைக்கு உரியது. யுபிஐயில் கணக்கிலிருந்து பணம் கழிந்து கடைக்கு உறுதி வராமல் போனால், ஐந்து நாளைத் தாண்டிய தாமதத்துக்கு அது பொருந்தும். ஒழுங்காக வாங்கி, பிறகு திருப்பி அனுப்பிய புடவைக்குப் பொருந்தாது. இதைப் பதிலில் பணிவாக விளக்கிவிட வேண்டும். கேட்டவர் வாதாடவில்லை, படித்ததை நம்பிக் கேட்கிறார்.

ஆர்டர் போட்ட சற்று நேரத்தில் ரத்து செய்தவருக்கும் வேறு பதில் வேண்டும். பணம் முழுமையாகப் பிடிக்கப்படாமல் நிறுத்திவைக்கப்பட்ட நிலையில் இருந்தால், கணக்கில் புதிதாக வரவு வரி தோன்றாமல் பழைய பற்று வரியே மறைந்துபோவதும் உண்டு. அவர் வரவைத் தேடித் தேடிப் பணம் வரவில்லை என்றே நினைப்பார். கிரெடிட் கார்டுக்காரருக்கு, தொகை வங்கிக் கணக்குக்கு வராது, கார்டு கணக்கிலேயே கழியும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

2020ஆம் ஆண்டின் இணைய வணிக நுகர்வோர் விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே "5 முதல் 7 வேலை நாட்கள்" என்று இரண்டாவது முறையும் பதில் வந்தால், ரீஃபண்ட் உத்தரவு போன தேதியையும் அதன் குறிப்பு எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டையும் தர மறுத்தால் அந்த அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.