கண்ணெதிரே ஒளிந்திருக்கும் இணைகரம்

என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் உதவித்தொகைத் தேர்வுக்கான வழிகாட்டி நூலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் ஒரு சின்ன உருவம். வலப்பக்கம் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு பெரிய படம். சின்னது பெரியதற்குள் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

"மாமா, இது இதுக்குள்ள இல்லவே இல்ல. பிரின்ட்ல தப்பு."

இருந்தது. பென்சிலால் அதன் மேலேயே ஓட்டிக் காட்டினேன். "அட, இங்கயேதான் இருந்துச்சா!" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினாள்.

ரசனை தொடங்க வேண்டிய இடத்தில் அவள் எழுந்து போய்விட்டாள் என்று எனக்குத் தோன்றியது. விடை தெரிந்த பிறகுதான் இந்தப் படங்களில் பார்க்க நிறைய இருக்கிறது. உருவத்தின் மேல் எதையும் போட்டு மூடவில்லை. ஒரு கோடுகூட அழிக்கப்படவில்லை. அத்தனையும் கண்ணெதிரே இருக்க, எப்படி மறைந்தது?

ஒன்பது புள்ளி வைத்து வரையுங்கள்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசையில் மூன்று மூன்றாக ஒன்பது புள்ளிகள் வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி இரண்டு சென்டிமீட்டர் இருக்கட்டும். கைபேசியில் எண்கள் இருக்கும் வரிசையிலேயே புள்ளிகளுக்கு எண் கொடுங்கள். மேலே 1, 2, 3. நடுவே 4, 5, 6. கீழே 7, 8, 9.

முதலில் சின்ன உருவத்தைத் தாளின் ஓரத்தில் தனியாக வரைவோம். அது வலப்பக்கம் சாய்ந்த ஓர் இணைகரம். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இரண்டு சென்டிமீட்டர்; உயரமும் இரண்டு சென்டிமீட்டர். மேல்பக்கம் எங்கே தொடங்குகிறதோ அதற்கு நேர் கீழே கீழ்ப்பக்கம் முடிகிறது.

இனி பெரிய படம். 1, 3, 9, 7 என்று சுற்றிச் சதுரம் போடுங்கள். 2-இலிருந்து 8-க்கும், 4-இலிருந்து 6-க்கும் நடுக்கோடுகள். 1-இலிருந்து 9-க்கும், 3-இலிருந்து 7-க்கும் மூலைவிட்டங்கள். கடைசியாக 2, 6, 8, 4 என்று சுற்றி உள்ளே ஒரு டைமண்ட்.

எண்களை அழித்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். சதுரம் தெரியும், டைமண்ட் தெரியும், நட்சத்திரம் போல நடுவிலிருந்து விரியும் கதிர்கள் தெரியும். ஓரத்தில் வரைந்த இணைகரம் தெரிகிறதா? நீங்களே தேட விரும்பினால் இங்கே நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

நாலு பக்கம், நாலு சொந்தக்காரர்கள்

இணைகரம் இருப்பது 4, 2, 3, 5 ஆகிய புள்ளிகளுக்கு நடுவே. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள்.

4-இலிருந்து 2 வரையிலான பக்கம் டைமண்டின் ஒரு பக்கம். 2-இலிருந்து 3 வரையிலானது சதுரத்தின் மேல் விளிம்பில் பாதி. 3-இலிருந்து 5 வரையிலானது மூலைவிட்டத்தில் பாதி. 5-இலிருந்து 4 வரையிலானது நடுக்கோட்டில் பாதி. ஆக, நம் உருவத்தின் நாலு பக்கங்களும் நாலு வெவ்வேறு குடும்பங்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டன. கண் அவற்றைப் புகுந்த வீட்டு ஆட்களாகத்தான் பார்க்கிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1923-இல் ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் கண் கோடுகளைச் சேர்த்துப் பார்க்கும் விதிகளை எழுதினார். அவற்றில் ஒன்று, நேராகத் தொடரும் கோட்டைக் கண் ஒரே கோடாக எடுத்துக்கொள்ளும் என்பது. வளைந்து திரும்பும் வழியும் நேராகப் போகும் வழியும் ஒரே புள்ளியில் சந்தித்தால், கண் நேர்வழியிலேயே போகும். 3-இலிருந்து கீழிறங்கும் மூலைவிட்டம் 5-இல் நிற்பதில்லை. 7 வரை ஓடுகிறது. அதனால் 5-இல் நமக்கு ஒரு மூலை இருப்பதே கண்ணுக்குத் தோன்றுவதில்லை. அங்கே ஒரு சந்திப்பு மட்டும்தான் தெரிகிறது.

அடுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். 2-இலிருந்து 8-க்குப் போகும் நடுக்கோடு இணைகரத்தைச் சரிபாதியாக வெட்டுகிறது. அந்தப் பாதிகளில் ஒன்றை 1-இலிருந்து வரும் மூலைவிட்டமும், மற்றதை டைமண்டின் இன்னொரு பக்கமும் மறுபடி வெட்டுகின்றன. பெரிய படத்தில் உள்ள 16 சிறு முக்கோணங்களில் நான்கு சேர்ந்ததுதான் நம் உருவம்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரிய படம் இடமும் வலமும் ஒத்தது. நம் இணைகரமோ ஒரு பக்கம் சாய்ந்தது. அது படத்தின் நட்டநடு அச்சுக்கு இரண்டு பக்கமும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. சமச்சீரான படத்தைக் கண் இடம், வலம் என்று பிரித்துப் பார்ப்பதால், இரண்டு பாதியிலும் பங்குள்ள உருவம் இரண்டிலுமே சிக்குவதில்லை.

பழக்கம் கைகொடுக்குமா?

சின்ன உருவம் நன்றாகப் பழகியிருந்தால் சட்டென்று தெரியாதா என்று கேட்கலாம். 1926-இல் குர்ட் கோட்ஷால்ட் இதைத்தான் சோதித்தார். இவ்வகைப் படங்களை ஆய்வுக்கென்று வரைந்த முன்னோடி அவர். சிலருக்கு எளிய உருவங்களை மூன்று முறை மட்டும் காட்டினார். வேறு சிலருக்கு 520 முறை காட்டினார். பிறகு அவை ஒளிந்திருக்கும் சிக்கலான படங்களைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார். 520 முறை பார்த்தவர்களுக்கும் பெரிய அனுகூலம் கிடைக்கவில்லை. பழகிய முகத்தைக் காட்டிலும் படத்தின் கட்டமைப்பே வலுவாக இருந்தது.

அதனால் சின்ன உருவத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள். தேடுவதற்கு வேறு வழி இருக்கிறது.

முழு உருவத்தைத் தேடாதீர்கள்

உருவத்தின் ஒரு பக்கத்தையும் அதன் இரண்டு முனைகளையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நம் இணைகரத்தின் மேல்பக்கம் ஒரு கிடைக்கோடு. அதன் இரு முனைகளிலிருந்தும் இடப்பக்கமாகச் சாய்ந்த கோடு கீழிறங்க வேண்டும். இதை வைத்துப் படத்தில் உள்ள கிடைக்கோடுகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். 1-2 ஆகாது, 1-க்கு இடப்பக்கம் எதுவுமே இல்லை. 2-3 ஆகும், 2-இலிருந்து 4-க்கும், 3-இலிருந்து 5-க்கும் சாய்கோடுகள் இறங்குகின்றன. 4-5 ஆகாது. 5-6 ஆகும், 5-இலிருந்து 7-க்கும், 6-இலிருந்து 8-க்கும் இறங்குகின்றன. கீழ் விளிம்புக்கு அடியில் ஒன்றும் இல்லாததால் அதை விட்டுவிடலாம்.

ஆக, இணைகரம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவது 7, 5, 6, 8-இல் இருக்கிறது. தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் பெரிய படம் மாறாது, இணைகரமும் மாறாது. அதனால்தான் மேலே ஒன்று இருந்தால் கீழே அதன் இரட்டை இருந்தே தீர வேண்டும்.

என் அக்கா மகள் இந்தப் படத்தில் 6, 2, 1, 5-ஐக் காட்டினாள். அளவு சரி, பக்கங்கள் சரி. ஆனால் அது கண்ணாடியில் தெரியும் இணைகரம், இடப்பக்கம் சாய்ந்தது. இவ்வகைச் சோதனைகளில் உருவம் அதே அளவில், அதே விகிதத்தில், அதே திசையில் இருக்க வேண்டும் என்பது விதி. திருப்பியும் கவிழ்த்தும் எண்ணினால் இந்தப் படத்தில் எட்டு இணைகரங்கள் தேறும். விதிப்படி செல்லுபடியாவது இரண்டுதான். சந்தேகம் வந்தால் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்துக்கு எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அழித்துப் பாருங்கள், வண்ணம் தீட்டிப் பாருங்கள்

கண்டுபிடித்த பிறகு பார்வையை நகர்த்திவிட்டுத் திரும்பப் பாருங்கள். நட்சத்திரம் மறுபடி வந்துவிடும், இணைகரம் போய்விடும். முயன்று பிடித்தால் இணைகரம் வரும். அப்போது நட்சத்திரம் கலைந்துவிடும். இரண்டையும் ஒரே நொடியில் முழுதாகப் பார்ப்பது கடினம்.

இனி மேலே இருக்கும் இணைகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ரப்பரால் மூன்று துண்டுகளை அழியுங்கள்: 1-இலிருந்து 2 வரை, 5-இலிருந்து 6 வரை, 5-இலிருந்து 7 வரை. இவை மூன்றும் இணைகரத்துக்கு வெளியே இருப்பவை. உள்ளே வெட்டும் கோடுகளில் ஒன்றைக்கூட நாம் தொடவில்லை. ஆனாலும் உருவம் துலங்கத் தொடங்கும், ஏனென்றால் பக்கங்கள் இப்போது மூலையில் நிற்கின்றன. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-களில் இத்தகைய படங்களை அளந்து அளந்து வரைந்து சோதித்தபோதும், உருவத்தின் எத்தனை பக்கங்கள் வெளியே தொடர்கின்றன என்பதே கடினத்தைப் பெரிதும் தீர்மானித்தது.

வண்ணத்தால் இதற்கு நேர்மாறான வேலையையும் செய்யலாம். பெரிய சதுரத்தின் நான்கு கால்பகுதிகளுக்கு நான்கு நிறம் அடித்தால் இணைகரம் நடுவில் பிளந்து இன்னும் ஆழமாகப் போய்விடும். 1950-இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்மன் விட்கின் கோட்ஷால்டின் படங்களை எடுத்து, தேடலைக் கடினமாக்கத்தான் நிறம் சேர்த்தார். உருவத்தை விரைவாகப் பிரித்தெடுப்பவர் சூழலைச் சாராமல் பார்க்கும் இயல்பினர் என்று அவர் விளக்கினார். அது ஆளுமையையே காட்டும் அடையாளம் என்பதைப் பின்வந்த பலர் ஏற்கவில்லை. இடம்சார்ந்து சிந்திக்கும் திறனைத்தான் அந்தச் சோதனை பெரிதும் அளக்கிறது என்றார்கள். எனவே உங்கள் பிள்ளை தேட நேரமெடுத்தால் அதில் குணத்தைப் படிக்க வேண்டாம்.

நீங்களே ஒளித்துப் பாருங்கள்

ரசனை முழுமையாவது வரையும்போதுதான். முதலில் உருவத்தைப் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு முனையிலாவது வெளியே நீட்டுங்கள். நீட்டிய முனைகள் வேறொரு நல்ல வடிவத்தின் பகுதியாகட்டும். வெளியே தொடங்கி, உள்ளே புகுந்து, மறுபக்கம் வெளியேறும் கோடு ஒன்றாவது இருக்கட்டும். அதற்காகக் கோடுகளை அள்ளிப் போடாதீர்கள். படம் வெறும் வலையாகிவிட்டால் ஒளிப்பதற்கு வேறு வடிவமே இருக்காது. பார்ப்பவர் கட்டங்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஒளிந்தது உடனே தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு பக்கம் இரு முனையிலும் நின்றுவிட்டது என்று பொருள். நம் படத்திலும் அப்படி ஒன்று உண்டு: 4-இலிருந்து 2 வரையிலான பக்கம். மற்ற மூன்றும் ஏதோ ஒரு முனையில் தாண்டி ஓட, இது மட்டும் டைமண்டின் மூலைகளிலேயே நின்றுவிடுகிறது.

இதை அக்கா மகளிடம் சொன்னேன். பென்சிலை வாங்கி அந்தக் கோட்டை இரு பக்கமும் சதுரத்துக்கு வெளியே நீட்டினாள். அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, டைமண்டின் மற்ற மூன்று பக்கங்களையும் அதே அளவுக்கு நீட்டினாள். தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்ப தேடுங்க மாமா."

இடம் எனக்குத் தெரியும். இருந்தும் 2-இல் விரல் வைத்துத்தான் தொடங்க வேண்டியிருந்தது.