தோடியின் காந்தாரமும் 'ஆர்னமென்ட்' என்ற சொல்லும்

போன வருடம் தோடி ராகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். நான் பாடகன் இல்லை. பாட்டுக் கேட்பேன், ஒலிப்பதிவிலிருந்து சுருதியை அளக்க நிரல் எழுதத் தெரியும், அவ்வளவுதான். மதிப்பீட்டாளர் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: ஆர்னமென்ட்களை நீக்கிவிட்டு அடிப்படை நோட்களை மட்டும் அட்டவணையாகக் கொடுத்தால் ராகத்தின் வடிவம் தெளிவாகத் தெரியும்.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கட்டுரையைத் திரும்பப் படித்தால், தப்பு என்னுடையது. கமகம் வந்த இடத்தில் எல்லாம் 'ஆர்னமென்ட்' என்று நானேதான் எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் கர்நாடக இசை பற்றி எழுதுபவர்கள் நிறைய பேர் அப்படி எழுதுகிறார்கள். யோசிக்காமல் நானும் எடுத்துப் போட்டுவிட்டேன்.

மேற்கத்திய இசை படித்த ஒருவருக்கு அந்தச் சொல் என்ன சொல்லும்? நோட்டுக்கு மேலே போடும் ட்ரில் மாதிரியான ஒரு குறியை. அதை வாசிக்காமல் விட்டாலும் மெட்டு பெரும்பாலும் அப்படியே இருக்கும். வாசலில் கட்டிய தோரணத்தை அவிழ்த்தாலும் வீடு வீடுதானே. ஆக, மதிப்பீட்டாளர் கேட்டது நியாயமான கேள்வி.

சரி, அவர் சொன்னபடியே செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். சட்ஜத்தை 0 என்று வைத்தால் தோடியின் ரிஷபம் ஏறத்தாழ 100 சென்ட், காந்தாரம் 300, மத்யமம் 500. அளந்த சுருதியை ஒவ்வொரு கணத்திலும் பக்கத்தில் இருக்கும் ஸ்தானத்துக்குத் தள்ளிவிட நிரலில் ஒரே ஒரு வரி போதும்:

```
note = round(cents / 100) * 100
```

பாடகர் நீளமாகக் காந்தாரம் பிடிக்கும் ஒரு இடத்தைக் கொடுத்தேன். வந்த அட்டவணையில் ரிஷபத்தின் பக்கமும் மத்யமத்தின் பக்கமும்தான் நேரம் குவிந்திருந்தது. காந்தாரம் கொஞ்சூண்டு. நிரலில் பிழை இல்லை. தோடியின் காந்தாரம் 300-இல் நிற்பதில்லை, கீழே ரிஷபத்தையும் மேலே மத்யமத்தையும் நோக்கிப் போய்ப் போய் வருகிறது. ஊஞ்சலைப் பாருங்கள்: இரண்டு முனையிலும் ஒரு கணம் தயங்கும், நடுவில்தான் வேகமாகப் போகும். அதனால் நடு ஸ்தானத்துக்கு நேரம் குறைவாகக் கிடைக்கிறது. ஆனால் பாடுபவரைக் கேட்டால் 'கா' என்றுதான் சொல்வார். கேட்பவர் காதுக்கும் அது 'கா'தான்.

அந்த அசைவை எடுத்துவிட்டு இதே ஏழு ஸ்தானங்களையும் கீபோர்டில் தட்டையாக வாசித்தால், கச்சேரி கேட்டுப் பழகியவர் தோடி என்று சொல்ல மாட்டார். சிந்துபைரவியோ என்று இழுப்பார். தோரணத்தை அவிழ்க்கப் போய் வீடே மாறிவிட்டது.

இன்னொரு சோதனையும் செய்தேன். எங்கள் தொழிலில் ஒரு தகவலை வேறு வடிவத்துக்கு மாற்றினால், திரும்ப மாற்றிப் பழையது கிடைக்கிறதா என்று பார்ப்போம். 'ஆர்னமென்ட்'டைத் திரும்பக் கொண்டுவந்தால் 'அலங்காரம்' வருகிறது. அலங்காரம் என்றால் நம்மிடம் குழந்தைகள் ஜண்டை வரிசைக்குப் பிறகு பாடும் ஏழு தாளப் பயிற்சி!

'ஆசிலேஷன்' என்று போடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். கம்பிதத்துக்குச் சரி. ஆனால் சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ஜாரு என்று வகைக்கு ஒரு குறி போட்டே பாட்டுகளை எழுதியிருக்கிறார். ஜாரு என்பது சறுக்கு. அதில் ஆட்டமே இல்லை. வகையின் பெயரை மொழிபெயர்க்கலாம், பொதுப் பெயரை முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

'நோட்' என்ற சொல்லிலும் இதே சிக்கல் ஒளிந்திருந்தது. நான் அதைப் பாடகர் பெயர் சொல்லும் சுரத்துக்கும் போட்டிருந்தேன், நிரல் அளந்த ஒற்றை அதிர்வெண்ணுக்கும் போட்டிருந்தேன். தோடியில் அந்த இரண்டும் ஒன்றில்லை. அதனால் திருத்தியதில் பாடுவதற்கு 'சுரம்', அளந்ததற்கு 'பிட்ச்' என்று பிரித்துக்கொண்டேன். கமகத்தை அப்படியே வைத்து, முதல் முறை வரும்போது மட்டும் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: கமகம் என்பது ஒரு சுரம் அசையும் விதம், தோடியின் காந்தாரத்துக்கு அந்த அசைவுதான் உருவம். கம்பிதமும் ஜாருவும் வரும் இடங்களில் ஆட்டம், சறுக்கு என்று ஆங்கிலத்திலேயே எழுதினேன்.

எல்லாவற்றையும் மூல மொழியிலேயே விட்டுவிடும் கட்டுரைகளும் எனக்கு ஒத்துவராது. எடுப்பு என்றால் தாள வட்டத்தில் பாட்டு தொடங்கும் இடம், அதை ஆங்கிலத்தில் சொன்னால் ஒன்றும் குறையாது. கடைசியில் மொழிபெயர்க்காமல் விட்டவை ராகம், சுரம், கமகம் மூன்றே மூன்று. மதிப்பீட்டாளர் கேட்ட அட்டவணையையும் நீக்கவில்லை. தட்டையாக்கிய காந்தாரம் ஒரு பத்தியிலும், அசையும் காந்தாரத்தின் கோடு பக்கத்திலேயே ஒரு படமாகவும் போய்ச் சேர்ந்தன.