மணல் வரியைப் படத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமா?

மணலில் படிந்த வரிகளைப் படமெடுத்து, அவற்றை உண்டாக்கியது கடலலையா, காற்றா, ஓடும் நீரா என்று கண்டறிவது நிலவியலில் பழகிப்போன முறை. மாமல்லபுரம் கடற்கரை, பாலாற்றுப் படுகை, கொளவாய் ஏரிக்கரை மூன்றும் அருகருகே இருக்கும் செங்கல்பட்டு வட்டாரத்தில் அந்த முறையை நன்றாகச் சோதித்துப் பார்க்கலாம். படம் நமக்குத் தருவது அதிகம். ஆனால் தீர்ப்புக்கு மிகவும் வேண்டிய ஒன்று, அதாவது வரியின் உயரம், அதில் கிடைப்பதில்லை.

முதலில் பலத்தைச் சொல்லிவிடலாம். மேலிருந்து எடுத்த படத்தில் முகடுகளின் போக்கு தெளிவாகத் தெரியும். ஓடும் நீரின் வரிகள் வளைந்து நெளிந்து, வேகம் கூடும்போது நாக்கு நாக்காக உடைந்து கிடக்கும். அலையின் வரிகளும் காற்றின் வரிகளும் நீண்டு நேராக ஓடி, ஆங்காங்கே கவட்டை போலப் பிரியும். ஆகவே நாக்கு வடிவம் தெரிந்தால் ஓடும் நீர் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். நேர்வரிகள் தெரிந்தால் அலையா காற்றா என்ற கேள்வி அப்படியே நிற்கும். மெதுவாக ஓடும் நீரும் நேர்வரி போடும் என்பதால் அதையும் ஒதுக்கிவிட முடியாது.

இங்கேதான் பலர் சமச்சீரை நாடுகிறார்கள். இருபுறமும் ஒரே சரிவு என்றால் அலை, ஒரு புறம் செங்குத்து என்றால் ஓட்டம் அல்லது காற்று என்பது பாடப்புத்தக விதி. மாமல்லபுரம் போன்ற திறந்த கரையில் இது எளிதில் சறுக்கும். ஆழம் குறையும் இடத்தில் அலை கரைநோக்கி வலுவாகவும் குறுகிய நேரமும் தள்ளும்; திரும்பும்போது மெதுவாக நீண்ட நேரம் இழுக்கும். அதனால் அலையே ஒரு புறம் சாய்ந்த வரிகளை இடும். சமச்சீர் இல்லை என்பதற்காக அலையை விலக்குவது தவறு.

இதைவிட உறுதியான அளவு, இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை உயரத்தால் வகுத்து வரும் எண். அலை வரிகளில் அது பெரும்பாலும் 10-க்குக் கீழே இருக்கும். காற்று வரிகள் தட்டையானவை. அவற்றில் 15-க்கு மேலே போகும். ஓடும் நீரின் எண் இரண்டுக்கும் நடுவில் விழுந்து இரு பக்கமும் கலக்கும். ஆனால் நேர் மேலிருந்து எடுத்த படத்தில் உயரம் ஏது?

தாழ்ந்த வெயிலின் நிழல் இதற்கு ஒரு வழி தருகிறது. மறைமலைநகரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் மாமண்டூர் அருகே பாலாற்றுப் பாலம் வரும். அங்கே வறண்ட படுகையில் எடுத்த ஒரு படம் நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முகடுகளுக்கு இடையே 9 செ.மீ.; சூரியன் 15 பாகை உயரத்தில், முகடுகளுக்குக் குறுக்கே அடிக்கிறது; நிழல் 2 செ.மீ. நீளம். 15 பாகையின் டேன்ஜென்ட் 0.27. ஆக, உயரம் சுமார் 0.54 செ.மீ., எண் ஏறத்தாழ 17. காற்று என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் நிழலின் நுனி பள்ளத்தைத் தாண்டி அடுத்த வரியின் ஏற்றத்தில் விழுந்திருந்தால், உண்மை உயரம் கொஞ்சம் கூடுதல். அது 0.6 செ.மீ. என்றால் எண் 15. எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டோம். இந்த எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

அடுத்த சாட்சி மணல்மணி. காற்றால் பருமணியைத் தூக்க முடியாது. துள்ளி வரும் சிறுமணிகள் மோதி மோதி அதை மெல்ல நகர்த்த, அது முகட்டில் போய்த் தங்கும். நீரில் பெரும்பாலும் பருமணி உருண்டு பள்ளத்தில் சேரும். மாமண்டூர்ப் படத்தின் முகடுகளில் பருமணிகள் தெரிந்தால் காற்றின் பக்கம் நியாயம் கூடுகிறது. இதற்கு மணி மணியாகத் தெரியும் கிட்டத்துப் படம் வேண்டும். நிறத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது: இந்தக் கடலோரத்தின் கருமணல் நுண்ணியதாக இருந்தாலும் கனமானது, அது ஒதுங்கும் இடம் பருமணியின் இடத்தைக் காட்டாது.

மூன்றாவது சாட்சி திசை. பாலாறு அங்கே ஏறத்தாழ தென்கிழக்காகக் கடலை நோக்கிப் போகிறது. அதன் நீர் இட்ட வரியில் செங்குத்துப் பக்கம் பெரும்பாலும் கீழாற்றை நோக்கும். பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று இட்ட வரியிலோ அது மேலாற்றை நோக்கும். படத்தோடு வடதிசைக் குறி இல்லையென்றால் இந்தச் சாட்சியும் போயிற்று. ஆற்றுப்படுகை என்பதாலேயே ஆற்றின் வரி என்று எழுதுவது இந்த முறையில் அடிக்கடி நடக்கும் பிழை. வெள்ளம் வடிந்தபின் உலர்ந்த மணலைக் காற்று திரும்ப எழுதிவிடும்.

சேற்றில் கதை வேறு. தூய களிமண் ஒட்டிக்கொள்ளும் தன்மையால் இத்தகைய வரி போடாது. ஏரிக்கரையில் வெடித்த சேற்றின் கீழ் வரிகள் தெரிந்தால், பெரும்பாலும் அவை அடியிலுள்ள மணலின் வரிகள். நின்ற நீரிலிருந்து படிந்த சேறு அவற்றின் மேல் மெல்லிய போர்வையாகக் கிடக்கிறது.

ஆகவே படத்தை விலக்க வேண்டியதில்லை. படமெடுக்கும் விதத்தை மாற்ற வேண்டும். அளவுகோல், வடக்குக் குறி, நேரம், ஒரு கிட்டத்துப் படம், வரியைக் குறுக்கே வெட்டி எடுத்த பக்கவாட்டுப் படம் ஆகிய ஐந்தும் இருந்தால் அலை, காற்று, ஓடும் நீர் மூன்றையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். இவை இல்லாத ஒற்றை நேர்வரிப் படத்தின் கீழ் ‘காற்று, அலை அல்லது மெதுவாக ஓடும் நீர்’ என்று எழுதுவதே நேர்மையான தீர்ப்பு.