கட்டம், தேவை, கட்டணம்: ஒரு மீட்டர் கையேட்டின் தமிழ்

என் சித்தப்பா மகன் லைன்மேனாக இருக்கிறான். போன மாதம் வாட்ஸப்பில் ஒரு கையேட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, பின்னாடியே கூப்பிட்டான். "அண்ணே, நீங்க இஞ்சினியரிங் படிச்சவர்தானே. இதுல கட்டம் கட்டம்னு போட்டிருக்கானே, எந்தக் கட்டம்ணே?"

மின்சார மீட்டர் பொருத்துவதற்கான வழிகாட்டி அது. ஒரு மீட்டர் கம்பெனி ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கி அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த மாதிரித் தமிழைப் பல கையேடுகளில் பார்க்கலாம். நான் படித்தது எலெக்ட்ரிக்கல் இல்லை, வேலை சாஃப்ட்வேர். ஆனாலும் அவன் கேள்வி விடவில்லை. ஆங்கிலப் பிரதியையும் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எழுத்துப்பிழை அனேகமாக இல்லை. இலக்கணம் சுத்தம். ஆனால் மூன்று சொற்களில் கையேடு லைன்மேனைக் கைவிட்டுவிடுகிறது.

கட்டம்

பேஸ் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு மின்சார வேலையில் குறைந்தது மூன்று பொருள் உண்டு. கரண்ட் வரும் கம்பி ஒன்று: "ஆர் பேஸ் போயிடுச்சு" என்கிறோமே, அது. சப்ளை எத்தனை வழி என்பது இரண்டு: சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ். ஒரு அலை மற்றதைவிட எவ்வளவு முன்பின்னாக இருக்கிறது என்பது மூன்றாவது, இது கோணம்.

தமிழில் இவை ஏற்கெனவே தனித்தனிச் சொற்களாகப் பிரிந்து நிற்கின்றன. கம்பிக்கு எல்லோரும் பேஸ் என்றே சொல்கிறார்கள். சப்ளைக்குப் பத்திரிகைகளும் விவசாயிகளும் "மும்முனை மின்சாரம்" என்கிறார்கள். இயற்பியல் பாடப் புத்தகம் கோணத்துக்குக் "கட்டம்", "கட்ட வேறுபாடு" என்கிறது. கையேடு இந்த மூன்றையும் அழித்துவிட்டு எல்லா இடத்திலும் கட்டம் என்று போட்டுவிட்டது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சி.டி. போட்ட த்ரீ பேஸ் மீட்டருக்கான பகுதியில் வருகிறது: "கட்ட வரிசை தவறு என்று காட்டினால் ஏதேனும் இரு கட்டங்களை மாற்றி இணைக்கவும்."

இந்த மீட்டருக்கு ஒவ்வொரு பேஸுக்கும் இரண்டு விஷயம் போகிறது. லைனிலிருந்து வரும் வோல்டேஜ் ஒயர் ஒன்று. அதே லைனைச் சுற்றியிருக்கும் சி.டி.யிலிருந்து வரும் ஒரு ஜோடி ஒயர் மற்றொன்று. மீட்டர் ஆர் வோல்டேஜை ஆர் கரண்டோடும், ஒய்யை ஒய்யோடும், பி-யை பி-யோடும் பெருக்கி மூன்றையும் கூட்டுகிறது. ஆக, வரிசை என்பது வேறு, ஜோடி என்பது வேறு. சப்ளையே வரிசை மாறி வந்தாலும் ஜோடி சரியாக இருந்தால் யூனிட் சரியாகத்தான் ஓடும்.

இப்போது அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு ஒருத்தர் வேலை செய்கிறார். திரையில் வரிசை தவறு என்ற எச்சரிக்கை. கட்டம் என்றால் பேஸ் ஒயர் என்று எடுத்துக்கொண்டு ஆர், ஒய் வோல்டேஜ் ஒயர்களை மட்டும் மாற்றிப் போடுகிறார். எச்சரிக்கை போய்விடுகிறது. கையேடு சொன்னது நடந்துவிட்டது, மூடி போட்டு சீல் வைத்துவிடுகிறார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பேஸிலும் சம லோடு, பவர் பேக்டர் 1 என்று வைத்துக்கொள்வோம். ஆர் கரண்ட் இப்போது 120 டிகிரி தள்ளியிருக்கும் வோல்டேஜோடு சேர்கிறது. ஒய் கரண்டுக்கும் அதே கதி. 120 டிகிரியின் கொசைன் −0.5. பி மட்டும் சரியாக இருப்பதால் அது 1.

```
R: -0.5
Y: -0.5
B: +1.0
மொத்தம்: 0
```

வோல்டேஜ் மூன்றும் சரி, கரண்ட் மூன்றும் சரி, மீட்டர் எரிகிறது, யூனிட் மட்டும் நகராது. பவர் பேக்டர் எதுவாக இருந்தாலும், லோடு சமமாக இருக்கும்வரை கூட்டுத்தொகை பூஜ்யம்தான். சில மீட்டர்கள் திருட்டைத் தடுக்க மைனஸையும் பிளஸ்ஸாகவே எண்ணும். அவற்றில் இதே தவறுக்கு 3 வர வேண்டிய இடத்தில் 2 வரும். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். மாதங்கள் கழித்து இது வெளியே வரும்போது மில்காரருக்கு நிலுவை பில் போகும், மாட்டிய ஆளுக்கு மெமோ வரும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. லோடு ஓடும்போது ஒவ்வொரு பேஸின் பவர் பேக்டரையும் தனித்தனியாகத் திரையில் பார்க்க வேண்டும். ஒரே மோட்டார் ஓடும்போது மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 0.87, ஒன்று பூஜ்யத்துக்குப் பக்கம், ஒன்று −0.87 என்று வந்தால் ஜோடி மாறிவிட்டது. இந்தச் சோதனையைக் கையேடு "கட்டத் தொடர்பைச் சரிபார்க்கவும்" என்ற மூன்று சொல்லில் முடித்துவிட்டது. கட்ட வரிசையும் கட்டத் தொடர்பும் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. வாசிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதில் மொழிபெயர்த்தவர்மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆங்கிலத்திலும் "எந்த இரண்டு பேஸையாவது மாற்று" என்றுதான் இருக்கிறது. வோல்டேஜும் சி.டி.யும் சேர்ந்தே மாற வேண்டும் என்று அங்கேயும் எழுதவில்லை. ஆனால் அந்த ஓட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கக்கூடிய முதல் ஆள் மொழிபெயர்ப்பாளர்தான். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "சப்ளையை நிறுத்தி, டெஸ்ட் பிளாக்கில் சி.டி.யை ஷார்ட் செய்த பிறகே ஒயரில் கை வைக்கவும். வரிசையை மாற்ற வேண்டுமானால் இரண்டு பேஸ்களின் வோல்டேஜ் ஒயரையும் சி.டி. ஒயர்களையும் சேர்த்தே மாற்றவும். வோல்டேஜ் ஒயரை மட்டும் மாற்றினால் யூனிட் ஓடாது, அல்லது குறைவாக ஓடும்."

மும்முனை என்ற சொல்லை மீட்டர் கையேட்டில் போடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஒயர் மாட்டும் இடத்தை இதே கையேடு முனையம் என்கிறது. "மும்முனை மீட்டரின் முனையங்கள்" என்றால் மூன்று முனையம்தானே என்று எண்ணத் தோன்றும். பலகையில் அதைவிட நிறைய இருக்கும். அதனால் இங்கே த்ரீ பேஸ் என்றே விட்டுவிடுவது நல்லது.

தேவை

செய்தியில் "தமிழகத்தின் மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது" என்று படிக்கும்போது தேவை என்ற சொல் இடறவில்லை. ஊருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று புரிகிறது. மீட்டருக்குள் இருக்கும் டிமாண்ட் அதுவல்ல. அது ஒரு சராசரி. பதினைந்து அல்லது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டர் அந்த நேரத்தின் சராசரி லோடைக் கணக்கிட்டு, மாதத்தில் எது பெரியதோ அதை வைத்துக்கொள்ளும். திரையில் வரும் MD அதுதான். கையேடு இதைத் "தேவைக் காலம் 30 நிமிடங்கள்" என்று முடித்துக்கொண்டது. அரை மணி நேரம் யாருக்கு, என்ன தேவை?

ஒரு அரைவை மில்லை எடுத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் முதல் 10 நிமிடம் 60 கிலோவாட், மீதி 20 நிமிடம் 30 கிலோவாட். முப்பது நிமிட மீட்டரில் சராசரி 40. இதையே பதினைந்து நிமிடக் கணக்கில் வைத்தால் முதல் பாகத்தில் 10 நிமிடம் 60, 5 நிமிடம் 30, சராசரி 50. இரண்டிலும் 60 வரவே வராது. டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்த லைன்மேன், கரண்ட் 60 கிலோவாட்டுக்குச் சமமாக இருக்கிறதே, மீட்டர் 40 காட்டுகிறதே என்று அதைப் பழுது என எழுதிக் கொடுக்கலாம். பழுது எதுவுமில்லை. சராசரி என்ற ஒரு சொல் கையேட்டில் இருந்திருந்தால் போதும்.

இதைவிட மோசமான வரி அடுத்த பக்கத்தில்: "அதிகபட்சத் தேவையை மீண்டும் அமைக்கப் பொத்தானை அழுத்தவும்." ரீசெட் என்பதன் நேர் பெயர்ப்பு. மீண்டும் அமைப்பது என்றால், ஏதோ ஒரு அளவை நாம் வைக்கப் போகிறோம் என்றுதான் தமிழில் பொருள்படும். உண்மையில் அந்தப் பொத்தான் இதுவரை இருந்த MD-யைப் பழைய கணக்கில் சேமித்துவிட்டு, புதிதாகப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. எத்தனை முறை அழுத்தினோம் என்பதையும் மீட்டர் எண்ணி வைத்துக்கொள்ளும். மாத நடுவில் என்னவென்று பார்க்க அழுத்தினால் அந்த மாதத்தின் MD இரண்டாக உடையும், எண்ணிக்கை ஒன்று கூடும். பிறகு விளக்கம் சொல்ல வேண்டியவர் அழுத்தியவர்தான்.

தம்பியிடம் கேட்டேன், நீங்க என்ன சொல்வீங்க என்று. "எம்.டி. கட் பண்றதுன்னு சொல்வோம்ணே" என்றான். ரீடிங்கை அங்கே வெட்டிப் புதுசா ஆரம்பிக்கிறது. அவர்கள் பேச்சிலேயே சரியான சொல் இருக்கிறது, கையேட்டில்தான் இல்லை.

கட்டணம்

டாரிப் என்றால் லைன்மேனுக்கு முதலில் நினைவுக்கு வருவது சர்வீஸின் வகை. ஒன் ஏ வீடு, ஃபைவ் கடை. வீட்டைக் கடையாக்கினால் டாரிப் சேஞ்சுக்கு மனு கொடுக்க வேண்டும். மீட்டர் கம்பெனி சொல்லும் டாரிப் வேறு. ஒரு நாளை நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் யூனிட்டையும் தனித்தனியாக எழுதி வைக்கும் பெட்டிகள் அவை. திரையில் T1, T2, T3.

கையேடு அவற்றைக் "கட்டணம் 1, கட்டணம் 2, கட்டணம் 3" என்கிறது. திரையில் T1 1,240 என்று இருந்தால் அது 1,240 யூனிட். கட்டணம் 1,240 என்று படித்தால் ரூபாய். மூன்றையும் கூட்டினால் மொத்த யூனிட் வர வேண்டும் என்ற எளிய சோதனையையே இந்தச் சொல் மறைத்துவிடுகிறது. "கட்டண மாற்றத்தின்போது குறியீடு மாறும்" என்ற வரியோ, வீடு கடையாவதைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கிறது. "T1, T2, T3: வெவ்வேறு நேரங்களில் ஓடிய யூனிட். மூன்றையும் கூட்டினால் மொத்த யூனிட்" என்று போட்டால் விஷயம் முடிந்தது. திரையில் இருக்கும் எழுத்தைத் திரையில் இருப்பது போலவே விட்டுவிட வேண்டும்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. டிமாண்ட் என்று எழுதினாலும் அது சராசரி என்பது தெரியாது. டாரிப் என்று எழுதினாலும் வகையா நேரமா என்பது தெரியாது. பேஸை மட்டும் பேஸ் என்றே எழுதினால் பாதிக் குழப்பம் குறையும். மீதிக்கு எந்த ஒயர் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும், அந்த இடத்தில் மீட்டர் என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதினால், மேலே எந்தப் பெயர் ஒட்டினாலும் வேலை நடக்கும்.

கையேட்டில் நல்ல பக்கமும் இருக்கிறது. ஸ்க்ரூ இறுக்குவது, ஒயர் முனையைச் சீவுவது, மூடியைச் சீல் வைப்பது பற்றிய பகுதி நன்றாகப் படிக்க வருகிறது. அங்கே மொழிபெயர்ப்பாளருக்கு வேலை கண்ணில் தெரிந்திருக்கிறது. கட்டம், தேவை, கட்டணம் வரும் பக்கங்களில் அகராதி மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

தம்பிக்கு மேலே உள்ள மாற்று வாக்கியங்களைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். பேஸ் பற்றியதை மட்டும் பிரிண்ட் எடுத்து, கையேட்டின் அந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டதாகச் சொன்னான்.