செய்தவர் இல்லாத வன்முறை

ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசல் டீக்கடையில் நண்பரொருவர் சொன்னார்: "பதிமூணாவது திருத்தத்தை முழுசா அமல்படுத்தினா போதும், ஈழப் பிரச்சினை முடிஞ்சிரும்." தோழர்கள் பலரும் இப்படித்தான் பேசுகிறார்கள். மாகாணங்களுக்குக் காவல், காணி அதிகாரங்களைக் கொடுப்பதாக எழுதிவிட்டுக் கொடுக்காமலிருப்பது மோசடிதான். ஆனால் கோளாறு அமலாக்கத்தில் மட்டுமா இருக்கிறது?

1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் திரும்பவும் வாசிக்க வேண்டும். வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடம் என்று அது ஒத்துக்கொள்கிறது. இனப்பிரச்சினை, அதன் விளைவான வன்முறை என்றும் சொல்கிறது. யார் செய்த வன்முறை? பிரதியில் எழுவாயே கிடையாது. 1983 ஜூலை பற்றி ஒரு வரியில்லை. கைதிகளுக்கும் போராளிகளுக்கும் பொதுமன்னிப்பு உண்டு, எதற்கான மன்னிப்பு என்பது மட்டும் இல்லை.

இந்த மௌனம் அதிகாரப் பகிர்வையும் அரித்தது. வடகிழக்கு இணைப்பு தற்காலிகமானது. கிழக்கில் 1988 இறுதிக்குள் வாக்கெடுப்பு, தேவையானால் ஜனாதிபதி தள்ளிவைக்கலாம். தள்ளிக்கொண்டே போனார்கள். ஆயுத ஒப்படைப்பு நடந்திருந்தால்தான் இணைக்கலாம் என்பது சட்டத்தின் நிபந்தனை. ஜெயவர்த்தனா அதை அவசரகால விதியால் மாற்றிவிட்டு இணைத்தார். அது செல்லாது என்று 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரியில் மாகாணங்கள் பிரிந்தன. என்ன அநீதிக்குப் பரிகாரமாக இணைப்பு வந்தது என்று எங்கும் எழுதப்படாததால், அதை வெறும் நடைமுறைத் தவறாக எடுத்துக் கலைக்க முடிந்தது. பரிகாரமென்று எழுதியிருந்தால் நீதிமன்றம் அசைந்திருக்குமா என்று கேட்கலாம். அசையாமலும் போயிருக்கலாம். ஆனால் கலைப்பவர்கள் அந்தக் காரணத்துக்காவது பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

கொழும்பைச் சாடுவது நமக்கு எளிது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த இந்திய அமைதிப்படை நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டது. செத்தவர்கள் எழுபது பேரளவில். இருதரப்புச் சண்டையில் நேர்ந்தது என்பதே ராணுவத்தின் விளக்கம். ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் தந்த அரசு தன் குற்றத்தை ஏற்கவில்லை. 1990 மார்ச்சில் திரும்பிய படையை வரவேற்கக் கருணாநிதி போகவில்லை. அதைக் கொண்டாடினோம் சரி, விசாரணை கேட்டு நாம் தெருவுக்கு வந்தோமா?

யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் 'முறிந்த பனை'யில் இந்தப் படையின் கொடுமைகளையும், அதோடு இயக்கங்களின் கொடுமைகளையும் பதிந்தார்கள். நால்வரில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி புலிகள்மேல் விழுந்தது. அந்தப் புத்தகத்தை இங்கே பலர் துரோகமென்று ஒதுக்கினார்கள். ஒரு தரப்பின் குற்றத்தை மட்டும் கேட்கப் பழகிய காதுகள் நம்முடையவை.

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. ஒப்பந்தத்தில் அகதிகள் திரும்புவது பற்றி எழுதியிருக்கிறது. எதற்குப் பயந்து ஓடிவந்தார்கள் என்பதைத்தான் எழுதவில்லை.