நெல்லைக்கு விமானமா ரயிலா: சயான் கணக்கு

சயான், தாராவி, மாட்டுங்கா பகுதிகளிலிருந்து நெல்லைச் சீமைக்குப் போகிறவர்கள் விமான டிக்கெட்டையும் ரயில் டிக்கெட்டையும் ஒப்பிடும்போது பயப்படுவது பெட்டிக் கட்டணத்துக்கும் இருக்கைக் கட்டணத்துக்கும்தான். மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் நல்லது. ஆனால் அந்த இரண்டிலும் கண்ணை வைத்தால் கணக்குத் தடம் மாறிவிடும். இரண்டையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக 15 கிலோ இலவசம். பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தரவேண்டும் என்று 2024இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டது. ஆகவே சேர்ந்து உட்காரவேண்டுமே என்று பணம் கட்டத் தேவையில்லை. தவிர்க்க முடியாத செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

கணவன், மனைவி, ஏழு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு விமானத்தில் தனி டிக்கெட். ரயிலிலோ ஐந்து வயதுக்குள் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். விமானம் தலைக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20,000. சகார் விமான நிலையத்துக்கு டாக்சி 400. மதுரையில் இறங்கினால் நெல்லைக்கு இன்னும் 160 கிலோமீட்டர். மூட்டை முடிச்சுகளோடு கார் வைத்தால் 3,500. மொத்தம் 23,900. தாதரிலிருந்து நேரே திருநெல்வேலி போகும் ரயிலில் ஸ்லீப்பர் 800 என்றால் மூன்று படுக்கைக்கு 2,400, சாப்பாடும் தாதர் வரை டாக்சியும் 1,100, மொத்தம் 3,500. டிக்கெட்டுக்கு 40 கிலோ வரை சாமானும் போகும்.

ஒன்றரை நாள் ரயிலில் கழிகிறதே, கூலி போகாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. இருவரும் நாளுக்கு 800 சம்பாதிப்பவர்கள், ரயிலால் கூடுதலாக ஒரு நாள் போகிறது என்றால் இழப்பு 1,600. இருபதாயிரம் வித்தியாசத்தை அது தொடவில்லை. ஆனால் நான்கே நாள் விடுமுறை உள்ளவருக்குப் போகவர மூன்று நாள் ரயிலிலேயே தீர்ந்துவிடும். அவருக்கு இந்தக் கூட்டல் பயன்படாது. அங்கே விமானம்தான் சரி.

இந்த ஒப்பீட்டின் உண்மையான ஓட்டை ரயில் பக்கத்தில் இருக்கிறது. 800 ரூபாய் என்பது படுக்கை உறுதியானால் மட்டுமே உள்ள விலை. முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. நேர் ரயில் தினமும் இல்லை. மே மாதத்தில் இடம் சீக்கிரம் தீர்கிறது. இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகி, பணம் பிறகு திரும்பும். ஆனால் அதற்குள் விமான விலை ஏறியிருக்கும். 5,000 ரூபாய் டிக்கெட்டை அப்போது தேடிப் பயனில்லை. எனவே ஒப்பிடவேண்டிய நாள் முன்பதிவு திறக்கும் நாள்தான். அன்று படுக்கை கிடைக்காதவர் விமான விலையை அன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.